பத்து மணிப் பதிவும் பார்த்துக்கொண்டிருந்த நானும்

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, என் பழைய மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. லேமினேட் செய்த தாள். தலைப்பு பெரிய எழுத்தில்: "டூல் படுத்தால் என்ன செய்வது?" கீழே ஒரே பக்கத்தில் சில வரிகள். முக்கியமான சொற்களுக்கு மட்டும் சிவப்பு மை.

நின்றபடியே படித்தேன். அது நான் எழுதியது. நான் எழுதியதேதான் என்றும் சொல்ல முடியாது. நான் எழுதி வைத்திருந்தது மூன்று பக்கம். அதை யாரோ சலித்து, உமியை ஊதிவிட்டு, அரிசியை மட்டும் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

எங்கள் அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருக்கிறது. பள்ளிக்கூடம், நகைக்கடை, பல் மருத்துவமனை என்று பலருடைய சமூக வலைப் பக்கங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அவர்களுக்கான பதிவுகளை முன்கூட்டியே தயார் செய்து, நாளும் நேரமும் குறித்து ஒரு டூலில் ஏற்றிவிடுவோம். அந்த நேரம் வந்ததும் அது தானாக எல்லாப் பக்கங்களிலும் போட்டுவிடும். வழக்கமான நாட்களில் அந்த நேரத்தில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருப்போம்.

முன்பொரு அட்சய திருதியை அன்று அந்த டூல் படுத்துவிட்டது. நகைக்கடையின் சலுகைப் பதிவு மதியம் வரை போகவில்லை. பிறகு நாங்கள் பதறிப்போய்க் கையால் ஒன்று போட, டூல் எழுந்து உட்கார்ந்து தானும் ஒன்று போட்டது. இரண்டிலும் வேறு வேறு சேதார சதவீதம். அன்று இரவு நான் உட்கார்ந்து எழுதியதுதான் அந்த மூன்று பக்கம். கேஸை அணைத்துவிட்டுப் படியிறங்கிய பிறகும் ஒருமுறை திரும்பி மேலே போய்ப் பார்க்கிற ஆள் நான். ஆகவே அதில் எல்லாமே இருந்தது. சார்ஜரை எடுத்துக்கொள்வதுகூட இருந்தது. யாரும் அதை முழுதாகப் படித்ததில்லை.

சலித்து ஒட்டியவள் நான் இல்லாதபோது என் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். தர்மபுரிப் பக்கம் சொந்த ஊர், அம்பத்தூர் ஓ.டி.யில் விடுதியில் தங்கியிருந்தாள். அன்றே என்னிடம் வந்து, "அக்கா, உங்க டாகுமென்ட்லேர்ந்துதான் எடுத்தேன். சூப்பரா இருந்துச்சு, கொஞ்சம் நீளமா இருந்துச்சு, அவ்ளோதான்" என்றாள். நான் சிரித்து வைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த 'அவ்ளோதான்' காதில் இருந்தது.

பொறாமை என்ற சொல்லை அப்போது நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அக்கறை என்று சொல்லிக்கொண்டேன். அந்தத் தாளில் அவள் விட்டுவிட்டது ஏதாவது இருக்கிறதா என்று தினமும் அக்கறையாகப் பார்த்தேன். சார்ஜரைத் தவிர வேறெதையும் அவள் விடவில்லை. எனக்குத் தோன்றாத ஒன்றைச் சேர்த்தும் இருந்தாள். நடுவில், சிவப்பில்: "ஒருத்தர் கை, ஒருத்தர் கண்." பதிவைக் கையால் போடுகிறவர் வேறு, டூலைக் கண்காணிக்கிறவர் வேறு. ஒரே ஆள் இரண்டையும் செய்யக்கூடாது. நகைக்கடைக் கதையை யாரோ சொல்லக் கேட்டே அவள் அதைப் பிடித்துவிட்டாள். நான் அந்தக் கூத்துக்கு நடுவிலேயே நின்றவள். எனக்கு அது தோன்றவில்லை.

எங்கள் முதலாளி வாடிக்கையாளர்கள் வரும்போதெல்லாம் அந்தத் தாளைக் காட்டினார். நம்ம பொண்ணு போட்டது என்பார். 'நம்ம பொண்ணு' யார் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் திருத்தவில்லை.

இதையெல்லாம்விட எனக்குள் எரிந்தது பள்ளிக்கூடக் கணக்கு. பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. விடுப்புக்கு முன்னால் அதன் சமூக வலைப் பக்கம் என் பொறுப்பு. அந்தப் பக்கத்தின் முதல் பதிவே நான் போட்டது. ஆண்டு விழாவுக்கு நசரத்பேட்டை வரை போய் நானே படமெடுத்திருக்கிறேன். விடுப்பில் போகும்போது அவளிடம் ஒப்படைத்தேன். திரும்பி வந்து கேட்டபோது முதலாளி, எல்.கே.ஜி. சேர்க்கை முடியட்டும்மா, அப்புறம் யார்கிட்ட இருக்கணும்னு முடிவு பண்ணலாம் என்றார். 'யார்கிட்ட' என்று அவர் சொன்னதிலேயே அது என்னிடம் இல்லை என்பது தெரிந்துவிட்டது. சேர்க்கை நன்றாக முடிந்தால் கணக்கு யார் கைக்குப் போகும் என்று நான் கணக்குப் போடாத நாளில்லை.

சேர்க்கைப் பதிவு என்றால் அந்தப் பக்கத்தில் ஒரு திருவிழா. இந்த நாள், காலை பத்து மணிக்கு விண்ணப்ப இணைப்பு பக்கத்தில் வரும் என்று பள்ளி முன்கூட்டியே அறிவித்துவிடும். முந்தி விண்ணப்பிப்பவர்களுக்கே இடம். திருவேற்காட்டிலிருந்து வானகரம் வரை பெற்றோர் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு அம்மா இருந்தார். முந்தின நாள் கோலப்பொடி கேட்கிற சாக்கில் வந்து, "உங்களுக்கு லிங்க் முன்னாடியே தெரியுமாமே" என்று பேச்சை ஆரம்பித்தார். எனக்கே நாளைக்குத்தான் வரும் என்று சொல்லி அனுப்பினேன். அது பொய். ஆனால் சொன்னால் வேலை போய்விடும். அதோடு, இன்னும் மூன்று வருஷத்தில் அதே வரிசையில் நானும் நிற்க வேண்டியவள்.

அந்த நாள் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். தடுப்பூசி போட்டதில் குழந்தைக்கு முந்தின மாலையிலிருந்து காய்ச்சல். கணவர் விடிகாலை ஷிப்டுக்குப் போய்விட்டார். எங்கள் வீடு திருவேற்காட்டில். கணவர் வீட்டார் இங்கேயே தலைமுறையாக இருந்தவர்கள். கோயில் பின்பக்கம் ஒரு காலத்தில் நெல் விளைந்ததாம், இப்போது நாலடுக்குக் குடியிருப்புகள். அந்த வாரம் தெருவில் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

பதிவு டூலில் முதல் நாளே ஏற்றியாகிவிட்டது. வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்று அலுவலகத்துக்குச் சொல்லியிருந்தேன். பார்க்க ஒன்றுமில்லை என்றாலும் பார்ப்பேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

காலையில் பள்ளி அலுவலக மேடம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். விண்ணப்பப் படிவத்தில் வயது வரம்புத் தேதி தவறாக இருக்கிறது, புதுப் படிவம் செய்துவிட்டார்கள், இணைப்பை மாற்ற வேண்டும். அவ்வளவுதானே, டூலைத் திறந்து இணைப்பை மாற்றினால் போதும் என்று மடிக்கணினியைத் திறந்தேன். நெட் இல்லை.

எட்டிப் பார்த்தேன். பள்ளத்திலிருந்து ஒருவர் கறுப்பு வயரின் முனையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "இன்னாப்பா, அறுத்துட்டியா? எங்க ஊட்டு மருமவ உசுரே அதுலதான் கீது."

கைபேசியிலிருந்து நெட்டைக் கொடுத்துப் பார்த்தேன். டூல் திறக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. கைபேசி நெட் மெதுவாக இருக்கிறது போல என்று மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சிக்னல் கிடைக்கும். அங்கேயும் சுற்றியது. கைபேசியை அணைத்துப் போட்டேன். கணவருடைய பழைய சிம்மை மாற்றிப் பார்த்தேன். சிறிது நேரம் இப்படியே போனது. எது உடைந்திருக்கிறது என்றே தெரியாமல் கையில் கிடைத்ததையெல்லாம் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அப்போது அலுவலகத்திலிருந்து அவள் அழைத்தாள்.

"அக்கா, உங்களுக்கும் டூல் வரலையா?"

"எனக்கு நெட் கட். தெருல வயர அறுத்துட்டாங்க."

"நெட் வேறக்கா. வேற சைட் எதுனா திறக்குதா பாருங்க."

செய்தித்தாள் பக்கம் ஒன்றைத் திறந்தேன். உடனே வந்தது. டூல் மட்டும்தான் வரவில்லை. அலுவலகத்தில் நெட் நன்றாக இருந்தும் அங்கேயும் வரவில்லை என்றாள். டூல்காரர்களே தங்கள் நிலவரப் பக்கத்தில் கோளாறு என்று போட்டிருக்கிறார்களாம். அந்தத் தாளின் முதல் வரி இதுதான்: உடைந்தது நெட்டா, டூலா, பக்கமா என்று முதலில் கண்டுபிடி. என் மூன்று பக்கத்திலும் முதல் வரி அதுவேதான். எழுதிய நான் சிம் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

பத்துக்கு இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை. சிக்கல் இரண்டு. டூல் படுத்திருப்பதால் பத்து மணிக்குப் பதிவு போகாமல் போகலாம். அதைவிட மோசமாக, போகவும் செய்யலாம். டூல் எங்கள் கணினியில் இல்லை, எங்கோ ஓடுகிறது. எங்களால் திறக்க முடியவில்லை என்பதற்காக உள்ளே வரிசையில் இருப்பது போகாது என்று சொல்ல முடியாது. போனால் தப்பான தேதியுள்ள பழைய இணைப்போடு போகும். அதை மாற்றவும் வழியில்லை, நிறுத்தவும் வழியில்லை.

முதலாளியும் அழைப்பில் சேர்ந்துகொண்டார். அவள் தாளைப் பார்த்து வரிசையாகச் சொன்னாள், நாங்கள் கேட்டோம். பக்கத்தை நேரடியாகத் திறந்து, ஏற்கனவே எதுவும் போயிருக்கிறதா என்று பார்த்தாள். போகவில்லை. பள்ளி மேடத்தைப் போனில் பிடித்து இறுதி வாசகத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். புது இணைப்பைத் தன் சொந்தக் கைபேசியில், எந்தக் கணக்கிலும் நுழையாமல், ஒரு பெற்றோரைப் போலத் திறந்து பார்த்தாள். தேதி சரியாக இருந்தது. படமும் எழுத்தும் தனியாகக் கைபேசியில் எடுத்து வைத்திருந்தாள். டூலுக்குள்ளேயே விட்டு வைக்காதே என்று தாளில் இருக்கிறது.

"கை யாரு, கண் யாரு?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் என்னுடையது, நான் போடுகிறேன் என்று சொல்லத்தான் திறந்தேன். ஆனால் பக்கத்துக்குள் நுழையும் அனுமதி விடுப்பில் போகும்போது என்னிடமிருந்து எடுக்கப்பட்டு, திரும்பக் கொடுக்கப்படவில்லை. டூலுக்குள் நுழைய மட்டும் எனக்கு அனுமதி இருந்தது. நான் சொல்வதற்குள் முதலாளியே முடித்து வைத்தார். "நீ போடும்மா. அவங்க டூலப் பாத்துக்கட்டும். அவங்கதான் நல்லா பாப்பாங்களே."

ஆக, அவள் கை. நான் கண்.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மடிக்கணினியில் திறக்காத டூல், கைபேசியில் பள்ளியின் பக்கம். பத்து ஆனது. டூல் அசையவில்லை. பக்கத்தைப் புதுப்பித்தேன். வந்துவிட்டது. நேரம் தவறாமல், சரியான இணைப்போடு, மஞ்சள் பின்னணியில் பள்ளிச் சீருடையில் ஒரு குட்டிப் பெண் சிரிக்கும் படம். அந்தப் படம் முந்தைய வருஷம் நான் எடுத்தது. அந்தக் குழந்தையைச் சிரிக்க வைக்க எவ்வளவு பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். அடுத்து இன்ஸ்டாகிராம், அதற்கடுத்து வாட்ஸ்அப் சேனல். அவள் தாளில் எழுதியிருந்த அதே வரிசை.

இதயங்கள் வர ஆரம்பித்தன. நன்றிகள், கும்பிடும் கைகள். எங்கள் அலுவலகக் குழுவில் முதலாளி ஒரு கட்டை விரலும் இரண்டு பூங்கொத்தும் போட்டார். பள்ளி மேடம் எழுதினார்: 'டூல் ஃபெயில் ஆகியும் ஒரு செகண்ட் லேட் ஆகல. கிரேட் வொர்க்.' அவள் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கிரீடமும் வைத்திருந்தார். நானும் ஒரு கைதட்டல் போட்டேன். போடாவிட்டால் தெரிந்துவிடும்.

கோலப்பொடி அம்மா வாசலிலிருந்தே கூப்பிட்டார். அப்ளிகேஷன் போட்டுட்டேன், உங்க ஆபீஸ்ல யாரோ டான்னு பத்துக்குப் போட்டாங்க, அவங்களுக்கு என் சார்பா ஒரு தேங்க்ஸ் சொல்லிடுங்க என்றார். சொல்கிறேன் என்றேன். இதுவரை சொல்லவில்லை.

மாமியார் கஷாயம் கொண்டுவந்து வைத்துவிட்டு, போனில் ஒலித்த குரலைப் பற்றி ஆரம்பித்தார். "அந்தப் பொண்ணு பேசுறது நல்லா கீதும்மே. பதட்டமே இல்ல. ஒன்னொன்னா கேக்குது, ஒன்னொன்னா செய்யுது. நீ இன்னாத்துக்கு மாடிக்கும் கீழுக்கும் ஓடிகினு இருந்த?"

"அத்த, அவளுக்கு நெட் இருந்துச்சு."

"அதுவும் சரிதான்" என்று அவர் போய்விட்டார். அவர் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

அதன் பிறகு அழைப்பில் இருந்த எல்லோரும் கலைந்துவிட்டார்கள். அவர்கள் கீழே டீ குடிக்கப் போயிருப்பார்கள். டீயோடு சமோசாவும் இருந்திருக்கும் என்று நானே கற்பனை செய்துகொண்டேன். கையின் வேலை முடிந்துவிட்டது. கண்ணின் வேலை முடியவில்லை. தாளின் கடைசிப் பகுதி கண்ணுக்குரியது: டூல் திரும்பி வரும்வரை எழுந்து போகாதே. வந்ததும் முதல் வேலையாக வரிசையை நிறுத்து. பிறகு பழையதை வரைவுக்கு எடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை விழித்தது, அழுதது, பால் குடித்தது. ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் புதுப்பித்தேன். வெள்ளைத் திரை. புதுப்பித்தேன். வெள்ளைத் திரை. நடுவில் கைபேசியை எடுத்துப் பதிவுக்கு எத்தனை இதயம் வந்திருக்கிறது என்றும் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று வைப்பேன், மறுபடி எடுப்பேன். யாராவது ஒரு பெற்றோர் ஏதாவது குறை சொல்லியிருக்கிறார்களா என்று பின்னூட்டங்களில் இறங்கிப் போனேன். 'இணைப்பு உடனே திறந்தது, நன்றி' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு மேல் இறங்கவில்லை.

ஒரு வேளை நான் தப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேனோ என்ற சந்தேகமும் வந்தது. டூல் வந்து, நான் பழைய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தால்? வேறொரு உலாவியில் திறந்து பார்த்தேன். அதுவும் வெள்ளை.

மதியச் சோற்றுக்கு முன்னால், எந்த அறிவிப்பும் இல்லாமல், திரை நிறைந்தது. டூல் வந்துவிட்டது. பள்ளிக் கணக்கின் வரிசையில் பதிவு அப்படியே இருந்தது. பழைய இணைப்போடு. அதன் அருகில் ஒரு சிறிய மணல் கடிகாரம், அதன் கீழே 'மீண்டும் முயல்கிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. தவறவிட்ட நேரத்தை ஈடுகட்ட அது இப்போது அனுப்பப் போகிறது.

என் கை 'நிறுத்து' பொத்தானில் இருந்தது. அழுத்தியபோது ஒன்றும் யோசிக்கவில்லை. வரிசை நின்றது. பதிவை வரைவுக்கு எடுத்தேன். பக்கத்தைத் திறந்து பார்த்தேன், அதில் அவள் போட்டது மட்டும்தான் இருந்தது. இன்ஸ்டாகிராமிலும் அப்படியே. திரும்பவும் டூலுக்கு வந்து, நிஜமாகவே நின்றிருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு இன்னொரு முறையும் பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் யோசித்தேன். அது போயிருந்தால் மஞ்சள் படம் மறுபடி ஒருமுறை வந்திருக்கும், எல்லோருக்கும் மேலே, புதியதாக. பிந்தி வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் அழுத்தியிருப்பார்கள். தப்பான தேதிப்படி தகுதியில்லை என்று சில அம்மாக்கள் படிவத்தை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். பழைய படிவம் இன்னும் திறந்தே இருக்குமே என்ற பயம் அப்போதுதான் வந்தது. பள்ளி மேடத்தை அழைத்தேன். எண் தொடர்ந்து பிஸியாகவே இருந்தது. கடைசியில் எடுத்தவர், இப்பதான் உங்க ஆபீஸ் பொண்ணுகிட்ட பேசிட்டிருந்தேன், எவ்ளோ தங்கமான பொண்ணு என்றார். ஆமாம் என்றேன். பழைய படிவத்தை மூடிவிடச் சொன்னேன். அது எதுக்கு இப்ப, அதான் புதுசு போயிடுச்சே என்றார். காரணத்தை விளக்கினேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். சரி, கம்ப்யூட்டர் சார்கிட்ட சொல்றேன் என்றார். நான் தொடர்பைத் துண்டிக்காமல், அவர் கம்ப்யூட்டர் சாரிடம் சொல்லும்வரை காத்திருந்தேன்.

வேலை முடிந்தது. அதற்கு ஒரு இதயமும் வரவில்லை. வரவும் முடியாது. போகாத பதிவுக்குக் கீழே யார் என்ன எழுதுவார்கள்?

தாளின் கடைசி வரி, நடந்ததைக் குறித்து வைப்பது. எது போனது, யார் போட்டார்கள், டூல் எப்போது வந்தது, வரிசையில் என்ன இருந்தது. அலுவலகக் கோப்பில் எழுத உட்கார்ந்தேன். முதலில், 'பழைய இணைப்புடன் இரண்டாம் முறை போகவிருந்த பதிவை நான் நிறுத்தினேன்' என்று எழுதினேன். பெருமையடிப்பது போல இருந்தது. 'நான்' என்பதை எடுத்தேன். 'பதிவு நிறுத்தப்பட்டது.' இப்போது அது தானாக நின்றது போல இருந்தது. மறுபடி 'நான்' சேர்த்தேன். குழந்தை சிணுங்கியது. 'கண்காணித்தவர் நிறுத்தினார்' என்று எழுதி மூடினேன். மாமியார் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்டு வந்து திறந்து, என் பெயரைப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதும், அலுவலகம் போனேன். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சேர்க்கை நல்லபடியாக நடந்தது, பள்ளியில் ரொம்ப சந்தோஷம் என்று ஆரம்பித்தார். அப்போதே தெரிந்துவிட்டது. மேடமே போன் பண்ணி அவள் பெயரைச் சொல்லிக் கேட்டார்களாம், கணக்கு அவளிடமே இருக்கட்டும் என்று. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கேக்குற கஸ்டமர்கிட்ட இல்லன்னு சொல்ல முடியுமா?"

ஒரு வருஷமாக என்னைச் சந்தேகப்பட்டே பழகியவள் நான். எதைச் சொன்னாலும், சொல்லியிருக்கலாமா என்று வீட்டுக்குப் போய் யோசிப்பவள். அன்று யோசிக்கவில்லை. "சார், அந்தப் பக்கம் நான் ஆரம்பிச்சது. சேர்க்கை முடிஞ்சா பேசலாம்னு சொன்னீங்க. இது பேசுறது இல்ல, சொல்றது" என்றேன்.

அவர் மேசையிலிருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அப்போது அவள் பேசினாள்.

"சார், அக்கா ஃபைல்ல எழுதின லாக் படிச்சேன். அக்கா அன்னைக்கு நிறுத்தலைன்னா ரெண்டாவது போஸ்ட் போயிருக்கும். மேடம் எனக்குப் போட்ட கிரீடத்த அவங்களே புடுங்கியிருப்பாங்க." பிறகு, "நான் எழுதின லிஸ்ட்டுதான். ஆனா என்னால அவ்ளோ நேரம் பாத்துகினே ஒக்கார முடியாது சார். நான் டீக்குப் போயிருப்பேன். அக்கா கண்ணா இருந்தா நான் கணக்க எடுத்துக்கறேன். இல்லன்னா வேணாம்" என்றாள்.

முதலாளிக்கு நிம்மதி. அப்ப ரெண்டு பேரும் சேந்து பாத்துக்குங்க, எனக்கு அதான் வேணும் என்று எழுந்துவிட்டார். கணக்கு அவள் பெயரில். பக்கத்துக்குள் நுழையும் அனுமதி அன்று மாலையே எனக்குத் திரும்பி வந்தது. அதையும் அவள்தான் கேட்டு வாங்கித் தந்தாள்.

படியிறங்கும்போது என் பக்கத்திலேயே வந்தாள். "கோவமா அக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"இருந்தா சொல்லிடுங்க. நானா இருந்தா கோவப்படுவேன்."

நான் பைக்குள் ஆட்டோவுக்குச் சில்லறை தேடினேன். கீழே லேத் பட்டறைச் சத்தத்தில் அதற்கு மேல் பேசவும் முடியவில்லை. அவள் நல்ல பெண். அது எனக்கு உதவவே இல்லை. அவள் கெட்டவளாக, நான் எழுதியதைத் திருடிக்கொண்டு போகிறவளாக இருந்திருந்தால் வீட்டில் போய் கணவரிடம் மணிக்கணக்காகப் புலம்பியிருப்பேன். இப்போது எதைச் சொல்லிப் புலம்புவது? கணக்கும் அவளிடம் போனது, இதயங்களும் அவளிடம் போயின. என் பங்குக்கு மிச்சமாக இருந்தது பெருந்தன்மை ஒன்றுதான். அதையும் அவளே முந்திக்கொண்டு எடுத்துவிட்டாள்.

எஸ்டேட் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோ வந்தது. அவள் எதிர்ப்பக்கம் போக வேண்டியவள், ஆனாலும் நான் ஏறும்வரை நின்றாள். ஏறி உட்கார்ந்ததும் கைபேசியை எடுத்து, அவள் அன்று மதியம் வேறொரு கடைக்கு வரிசையில் ஏற்றியிருந்த பதிவுகளை டூலில் திறந்தேன். ஒரு இணைப்பில் கடைசி எழுத்து விட்டுப்போயிருந்தது. உடனே அழைத்துச் சொல்லலாமா, காலையில் சொல்லலாமா என்று யோசித்தேன். பதிவு அன்று ஏழு மணிக்குப் போக வேண்டியது. ஆட்டோ வானகரம் தாண்டுவதற்குள் அழைத்துவிட்டேன்.